101 என்றால் எந்த 101?

எண்ணை மட்டும் பார்த்துத் தவறான கருவியில் கை வைப்பது இந்த ஆண்டில் இது மூன்றாவது தடவை. இனிமேல் ஒவ்வொரு தம்பிக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை ஆலை. பாய்லர் வருடாந்தரப் பரிசோதனை முடிந்து, நெருப்பு மூட்டி மூன்று நாள் ஆகியிருந்தது. ஸ்டீம் எவ்வளவு போகிறது என்று காட்டும் அளவு மட்டும் ஸ்கிரீனில் ஒரே எண்ணில் உறைந்து நின்றது. என்னோடு வந்த பையன் பொலிடெக்னிக் முடித்து ஆறு மாதம் ஆனவன், தோட்டத்தில் வளர்ந்தவன், சுறுசுறுப்பானவன். அவனிடம் எந்தக் கருவி எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் ஆலைப் படத்தைக் கொடுத்து, “101 டிரான்ஸ்மிட்டரைப் போய் ஜீரோ பார்த்துட்டு வாப்பா” என்றேன். என் தவறு இந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பத்து நிமிடத்தில் வாக்கி டாக்கியில் குரல். “அண்ணே, ஈக்வலைஸ் பண்ணிட்டேன். ஸ்கிரீன்ல ஜீரோ வருதா?”

டிரான்ஸ்மிட்டர் என்பது அளந்ததை ஸ்கிரீனுக்கு அனுப்பும் பெட்டி. ஈக்வலைஸ் என்றால் அதன் இரு பக்க அழுத்தத்தையும் சமமாக்கி வித்தியாசத்தை ஜீரோ ஆக்குவது. ஆனால் ஸ்கிரீனில் ஸ்டீம் ஓட்டத்தைக் காட்டும் FI-101 அசையவே இல்லை. அதற்குப் பக்கத்தில், டிரம் என்ற பாய்லர் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைப் பார்க்கும் கன்ட்ரோலர் LIC-101 ஐம்பதிலிருந்து நூறுக்குத் தாவி, தண்ணீர் மட்டம் அதிகம் என்று அலாரம் அடித்தது. டிரம்முக்குத் தண்ணீர் விடும் வால்வு LV-101 மூடிக்கொண்டே வந்தது. பாய்லர்மேன் அண்ணன் அலாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கேஜ் கிளாஸைப் பார்த்தார். கண்ணாடியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றி வால்வைத் திறந்தார். கண்ணாடியில் இன்னும் தண்ணீர் தெரிந்ததால்தான் திறந்தார். தெரியாமல் போயிருந்தால் தண்ணீர்ப் பக்கமே கை வைத்திருக்க மாட்டார், எரிபொருளான நார் போவதை நிறுத்தி நெருப்பை அடக்கியிருப்பார். அது பாய்லர்மேன் பாடம், நான் அதற்குள் போகவில்லை.

பையன் கை வைத்தது FT-101 இல்லை, LT-101. ஏன் தவறினான் என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “அண்ணே, அது டிபி டிரான்ஸ்மிட்டர்தானே. டிபி என்றால் ஃப்ளோதானே?”

இல்லை. இல்லவே இல்லை. டிபி என்றால் இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசம், அவ்வளவுதான்.

நான் கொடுத்தது பி அண்ட் ஐடி படம். அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு வட்டம், அதற்குள் மேலே எழுத்து, கீழே எண். முதல் எழுத்து அந்தக் கருவி எதனால் செய்யப்பட்டது என்றோ, எந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது என்றோ சொல்வதில்லை. எதைத் தெரிந்துகொள்ள அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ அதைச் சொல்கிறது. F என்றால் ஓட்டம், L மட்டம், P அழுத்தம், PD அழுத்த வித்தியாசம். ஐ.எஸ்.ஏ 5.1 என்ற தர விதியே அப்படித்தான் சொல்கிறது. இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் ஒரே பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம். ஸ்டீம் குழாயில், நடுவில் ஓட்டை போட்ட ஒரிஃபிஸ் தட்டின் இரு பக்கமும் மாட்டினால் அது FT. பாய்லர் டிரம்மின் மேலும் கீழும் மாட்டினால் அது LT. ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க மாட்டினால்தான் அது PDT. பெட்டி மாறவில்லை, நாம் கேட்கும் கேள்விதான் மாறியிருக்கிறது. கல்லூரியில் டிபி என்றவுடன் ஒரிஃபிஸ் படத்தை மட்டும் போட்டுக் காட்டி விட்டுவிடுகிறார்கள். லெவல் என்றால் மிதவை என்றே பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது.

இதே குழப்பம் வால்வுக்கும் வரும். ஃபீட் வாட்டர் குழாயில் இருக்கும் வால்வைக் காட்டி, “தண்ணீர் ஓடுகிற குழாய், அப்போ இது ஃப்ளோ வால்வு, படத்தில் FV இல்லையே” என்று தேடுவார்கள். அந்த வால்வு தன் வழியாக எது ஓடுகிறது என்று பார்ப்பதில்லை, டிரம்மின் மட்டம் சொல்வதைக் கேட்கிறது. அதனால் அது LV. எந்த வால்வு வழியாகவும் ஏதாவது ஓடத்தானே செய்யும்? அப்படிப் பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லா வால்வும் FV ஆகிவிடும். சில ஆலைகளில் மட்டத்தின் கன்ட்ரோலர் நேராக வால்வுக்குப் பேசாமல், தண்ணீர் ஓட்டத்தின் கன்ட்ரோலருக்குக் கட்டளை கொடுக்கும். அது FIC, வால்வு அதன் சொல்லைக் கேட்கும். அங்கே அதே குழாயில் அதே வால்வுக்கு FV என்று பெயர். யாருக்குக் கீழ்ப்படிகிறது என்று பாருங்கள், பெயர் தானாக வரும்.

அடுத்து வரும் எழுத்துகள் அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதற்கு. I என்றால் காட்டுவது, T அனுப்புவது, C கட்டுப்படுத்துவது, V வால்வு, S சுவிட்ச், A அலாரம், Y இடையில் கணக்கோ மாற்றமோ செய்வது. மின் சிக்னலைக் காற்றழுத்தமாக மாற்றி வால்வுக்குக் கொடுக்கும் சிறு டப்பாவுக்கு LY-101 என்று பெயர் வருவது அதனால்தான். ஒரே எழுத்து இடத்துக்கு இடம் பொருள் மாறும். TT என்றால் முதல் T வெப்பநிலை, இரண்டாவது T அனுப்புவது. LAL என்றால் முதல் L மட்டம், கடைசி L குறைவு. இரண்டு நாள் பழகினால் வந்துவிடும்.

நான் கெஞ்சிக் கேட்பது C என்ற ஒரே எழுத்தைப் பற்றி. FI-101 வெறும் காட்டி. அதன் டிரான்ஸ்மிட்டரை ஈக்வலைஸ் செய்தால் ஸ்கிரீனில் ஜீரோ விழும், ஆலையில் எதுவும் அசையாது. அதனால்தான் அன்று வேலை தொடங்கும் முன் யாரும் எதையும் மேனுவலுக்கு மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை, சரியான பெட்டியைத் தொட்டிருந்தால். LIC-101இல் C இருக்கிறது. அங்கே T-ஐத் தொட்டால் V நகரும். நீங்கள் மேடையில் ஸ்பானரோடு நிற்கும்போது நூறு அடிக்கு அப்பால் ஒரு வால்வு உங்கள் கைக்கு ஆடுகிறது என்று அர்த்தம்.

ஈக்வலைஸ் செய்தால் ஜீரோதானே வர வேண்டும், ஏன் நூறு வந்தது என்று சிலர் கேட்பார்கள். டிரம் லெவலில் ஒரு பக்கக் குழாய் எப்போதும் தண்ணீர் நிறைந்தே நிற்கும். டிரம்மில் தண்ணீர் குறையக் குறைய இரு பக்க வித்தியாசம் கூடும், நிறைந்தால் வித்தியாசம் மறையும். ஆக வித்தியாசம் ஜீரோ என்றால் டிரம் நிறைந்துவிட்டது என்று கருவி நம்புகிறது. அதை நம்பி கன்ட்ரோலர் தண்ணீரை மூடுகிறது. உண்மையில் டிரம் காய்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் குறைந்தால் அடிக்க வேண்டிய LAL-101 அலாரமும் வாய் திறக்காது. அதுவும் அதே LT-101இன் கண்ணால்தான் பார்க்கிறது.

இப்போது எண்ணுக்கு வருவோம். அந்தப் படத்தில் LT-101, FT-101, PT-101 மூன்றும் உண்டு. எண் ஒன்று, ஆனால் மூன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த ஆலையில் ஒவ்வொரு முதல் எழுத்துக்கும் தனி வரிசை. மட்டத்துக்கு 101, 102. ஓட்டத்துக்கும் மறுபடி 101, 102. வேறு சில ஆலைகளில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை ஓடும். அங்கே 101 மட்டத்துக்குப் போய்விட்டால் FT-101 என்று ஒன்று இருக்கவே முடியாது. எது எந்த முறை என்று படக் கட்டின் முன்னால் இருக்கும் குறியீட்டுப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் போட்டோஸ்டாட் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது கையில் இல்லையென்றால், ஒரே எண் இரண்டு முதல் எழுத்துகளோடு வருகிறதா என்று படத்தைத் தேடுங்கள். வந்தால் தனித்தனி வரிசை.

ஒரே வேலைக்காகச் சேர்ந்த கருவிகளின் கூட்டம்தான் லூப். ஆகவே லூப்பின் பெயர் வெறும் 101 இல்லை, L-101. நான் அன்று “101 டிரான்ஸ்மிட்டர்” என்று சொன்னது பாதிப் பெயர். அதற்கு அவனைத் திட்ட எனக்கு வாயில்லை.

எண் வேறாக இருந்தாலும் சேதி உண்டு. அதே டிரம்மில் LSLL-105 என்று ஒன்று இருந்தது, மிகக் குறைந்த மட்டத்தில் பாய்லரை நிறுத்தும் சுவிட்ச். 105 என்று தனி எண் கொடுத்திருப்பதால் அது வேறு லூப், L-101ஐ நம்பியில்லை. டிரம்மிலிருந்தும் அதற்குத் தனிக் குழாய்தான் போகிறது. பாய்லர்மேன் அண்ணன் தூங்கியிருந்தாலும் அது வேலை செய்திருக்கும். செய்திருக்க வேண்டும்.

சரி, இனி கழற்றப் போகும் முன். படத்தில் உங்கள் முதல் எழுத்தும் எண்ணும் சேர்ந்து எங்கெல்லாம் வருகிறதோ அத்தனை வட்டத்தையும் பென்சிலால் சுற்றுங்கள். L-101 என்றால் LT, LIC, LY, LV, LAL எல்லாம். நடுவில் கோடு இல்லாத வட்டம் வெளியே களத்தில் இருப்பது, முழுக் கோடு போட்டது கன்ட்ரோல் ரூமில் இருப்பது, சதுரத்துக்குள் வட்டம் என்றால் ஸ்கிரீனில் பார்ப்பது. சுற்றியதில் C இருந்தால் ஆபரேட்டர் மேனுவலுக்கு மாற்றியதைக் காதால் கேட்டால் போதாது, ஸ்கிரீனில் கண்ணால் பாருங்கள். S இருந்தால் சூப்பர்வைசரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். பிறகு களத்துக்குப் போய், பெட்டிக்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் இம்பல்ஸ் குழாயைப் பெட்டியிலிருந்து கண்ணால் பின்தொடர்ந்து எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். படம் யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்றுதான் சொல்லும், யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லாது. படத்தில் FT-101 வலது ஓரத்தில், LT-101 நடுவில். மேடையிலோ இரண்டும் ஒரே கம்பத்தில், ஒரு முழ இடைவெளியில். குழாயைப் பின்தொடர்ந்திருந்தால், ஒன்று டிரம்முக்கு ஏறுவதை அவன் அரை நிமிடத்தில் பார்த்திருப்பான்.

பெயர்த் தகட்டைப் படிக்கவில்லையா என்று அவனிடம் கேட்டேன். பேசாமல் என்னை மேடைக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். பரிசோதனை நாட்களில் பெயிண்ட் அடித்தவர்கள் குழாய், கம்பம், பெட்டி, தகடு எல்லாவற்றின் மேலும் ஒரே வெள்ளிப் பெயிண்டை ஓட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன். L தெரிந்தது. அவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து தகட்டின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் உரித்துவிடுங்கள். டேப் வாங்க இரண்டு ரிங்கிட் இல்லையென்றால் என்னிடம் கேளுங்கள்.