பேட்ச் ஆன்டெனா: நீளம்தான் அலைவரிசை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய இரண்டு பக்கமும் செப்பு ஒட்டிய எஃப்ஆர்-4 அட்டை, தடிமன் 1.6 மி.மீ. அதில் வைஃபைக்கான 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பேட்ச் ஆன்டெனா செய்ய வேண்டும்: மேல் பக்கம் பேட்ச் எனும் செவ்வகச் செப்புத் துண்டு, கீழ்ப் பக்கம் தரைத்தளமாக முழுச் செப்பு. ஓசூரிலிருந்து தினமும் வந்துபோகும் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டான்: "அண்ணா, பாதி அலைநீளம்தானே வேணும்? 61 மி.மீ. வெட்டிடலாமா?"

61 என்பது காற்றில் பாதி அலைநீளம். ஆனால் பேட்ச்சுக்கும் கீழே உள்ள தரைத்தளத்துக்கும் நடுவே இருப்பது கண்ணாடி இழை அட்டை. அதற்குள் அலை மெதுவாகப் போவதால் அலைநீளம் சுருங்கிவிடும். எவ்வளவு சுருங்கும் என்பதை அட்டையின் மின்காப்பு மாறிலி சொல்லும். எஃப்ஆர்-4க்கு வழக்கமாக 4.4 என்று வைத்துக்கொள்வார்கள். மின்புலத்தில் கொஞ்சம் மேலே காற்றிலும் பரவுவதால், அலைக்குத் தெரியும் மதிப்பு அதைவிடக் குறைவு. அகலம் 37.2 மி.மீ. என்று எடுத்தால் அது 4.08 ஆகிறது.

61.2-ஐ 4.08-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 30.3 மி.மீ. இதையும் அப்படியே வெட்டக் கூடாது. பேட்ச்சின் இரு முனைகளிலும் மின்புலம் வெளியே பிதுங்கி நிற்கும். இந்த ஆன்டெனா கதிர்வீசுவதே அந்தப் பிதுக்கத்தால்தான். முனைக்கு 0.74 மி.மீ. வீதம் பேட்ச் கூடுதல் நீளமாக இருப்பதுபோல் அது நடந்துகொள்ளும். இரண்டு முனைக்கும் கழித்தால் வெட்ட வேண்டிய நீளம் கிடைக்கும்:

```
L = 30.3 - 2 × 0.74 ≈ 28.8 mm
```

தம்பி 28.8 வெட்டி, ஃபெரிக் குளோரைடில் அரித்து, நெட்வொர்க் அனலைசரில் மாட்டினான். ஆன்டெனா எந்த அலைவரிசையில் சக்தியைத் திருப்பி அனுப்பாமல் ஏற்கிறதோ அங்கே எதிரொலிப்பு வரைபடத்தில் பள்ளம் விழும்; அது நன்றாக ஆழமாகவே விழுந்தது. ஆனால் விழுந்த இடம் 2.506 கிகாஹெர்ட்ஸ். வைஃபை பட்டை 2.4835-இலேயே முடிந்துவிடுகிறது. இவ்வளவு மெல்லிய அட்டையில் பேட்ச்சின் பட்டை அகலம் சில பத்து மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால் இந்த விலகலைத் தாங்காது.

பள்ளம் ஆழமாக இருந்ததால் பேட்ச்சுக்கு சிக்னலை ஊட்டும் இடத்தில் தப்பில்லை. அந்த இடம் தவறினால் பள்ளம் ஆழமில்லாமல் போகும். பள்ளம் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் நீளத்தையோ அட்டையையோதான் பார்க்க வேண்டும். வெர்னியரில் நீளம் சரியாக இருந்தது, அப்புறம் மிச்சம் அட்டைதான். கணக்கைத் திருப்பிப் போட்டால் அதன் மாறிலி 4.4 அல்ல, 4.2. எஃப்ஆர்-4இல் பிசினும் கண்ணாடி இழையும் கலக்கும் விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால் இந்த வித்தியாசம் சாதாரணம்.

4.2 போட்டால் நீளம் 29.5 மி.மீ. வருகிறது. ஆனால் வெட்டிய பேட்ச்சில் 0.7 மி.மீ. செப்பை எப்படிச் சேர்ப்பது? அதனால் இரண்டாவது அட்டையை 30-க்கு வெட்டச் சொன்னேன். பள்ளம் 2.41 பக்கம் விழுந்தது. பிறகு முனையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினான். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் சுமார் 80 மெகாஹெர்ட்ஸ் ஏறும் என்பதால், ஒவ்வொரு சுரண்டலுக்கும் அனலைசரைப் பார்த்துக்கொண்டே அரை மில்லிமீட்டர் எடுத்ததும் 2.45-இல் வந்து நின்றது.