அவர்தான் என்று மூன்று பேர் சொன்னார்கள்

சிசிடிவி காட்சியில் இருப்பவரையும் சந்தேக நபரையும் ஒப்பிட்டு அறிக்கை தருவது என் வேலை. எனக்கு வரும் கோப்புகளில் ஒரு வரி அடிக்கடி இருக்கும்: "காட்சியில் இருப்பவர் இன்னார்தான் என்று சாட்சிகள் உறுதி செய்துள்ளனர்." அதைப் படித்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்தச் சாட்சிகள் எதைப் பார்த்து உறுதி செய்தார்கள் என்பதுதான். சம்பவத்தை நேரில் பார்த்தவர்களா, இல்லை எனக்கு வந்திருக்கும் இதே படத்தைப் பார்த்தவர்களா?

ஒரு கோப்பை விவரமாகச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் தகவல்களை மாற்றியிருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கிடங்கில் இரவில் கருவிகள் திருட்டுப் போயின. நடைபாதைக் கேமராவில் ஓர் ஆள் பையோடு போவது பதிவாகியிருந்தது. மேற்பார்வையாளர் அதை மானிட்டரில் பார்த்துவிட்டு, ஒப்பந்த வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் ஒருவரின் பெயரைச் சொன்னார். மானிட்டரையே போனில் படம்பிடித்து இன்னொருவருக்கு அனுப்பி, "இது அவன்தானே?" என்று கேட்டார். அவரும் ஆமாம் என்றார். அப்புறம் எலக்ட்ரீஷியனின் அடையாள அட்டைப் படத்தை மட்டும் காவலாளியிடம் காட்டி, "காட்சியில் வருபவர் இவரா?" என்று கேட்டார்கள். அவரும் தலையசைத்தார். மூன்று சாட்சிகள் சேர்ந்துவிட்டார்கள். அன்றிரவு அந்த ஆளை நேரில் பார்த்தவர் மூவரில் ஒருவரும் இல்லை.

ஜாடை ஒத்திருக்கிறது என்பதால்தான் எலக்ட்ரீஷியன் சந்தேக வட்டத்துக்குள் வந்தார். அதற்குப் பிறகு யாரிடம் படத்தைக் காட்டினாலும் ஜாடை ஒத்துத்தான் இருக்கும். அதற்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டவர் அல்லவா? முதல் ஆள் சொன்னதையே மற்ற இருவரும் திருப்பிச் சொல்கிறார்கள். கோப்பில் மட்டும் அது மூன்று தனித்தனிச் சான்றுகளாக ஏறிவிடுகிறது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இதே கோளாறு ஒருவரைக் கைது வரை கொண்டுபோனது. 2018 இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடு போயின. கேமரா படத்தை முக அடையாள மென்பொருளில் தேடியபோது ஒருவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படம் கிடைத்தது. அந்தப் படத்தையும் வேறு ஐந்து பேரின் படங்களையும் பாதுகாப்பு நிறுவன ஊழியர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் அந்த உரிமப் படத்தையே எடுத்துக் கொடுத்தார். திருட்டு நடந்தபோது அந்த ஊழியர் கடையில் இல்லை. பதிவை மட்டுமே பார்த்தவர். 2020 ஜனவரியில் அந்த மனிதர் கைதாகி, சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. அவர் நகரத்தின் மீது தொடுத்த வழக்கில் 2024 இல் ஏற்பட்ட சமரசத்தின்படி, மென்பொருள் காட்டிய முடிவை மட்டும் வைத்தோ, அந்த முடிவுக்குப் பின் நேரடியாகச் சாட்சியிடம் காட்டிய பட வரிசையை மட்டும் வைத்தோ அந்நகரக் காவல்துறை யாரையும் கைது செய்ய முடியாது. மென்பொருள் பல லட்சம் படங்களுக்குள் தேடி, மிக நெருங்கிய ஜாடையை எடுத்துத் தருகிறது. அப்படிக் கிடைத்த ஆளை மனிதக் கண்ணும் ஏற்றுக்கொண்டால் அதில் வியக்க எதுவும் இல்லை.

சரி, கிடங்குக்கு வருவோம். போனில் எடுத்த படத்தை வைத்து நான் வேலை செய்வதில்லை. கேமராப் பதிவுகளைச் சேமித்துவைக்கும் டி.வி.ஆர் பெட்டியில் இருந்து மூலப்பதிவை அப்படியே எடுத்துத் தரச் சொன்னேன். கேமரா 1920 பிக்சல் அகலம் உள்ளது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லென்ஸ் அகலமாகப் பார்க்கும் வகை. 6 மீட்டர் தூரத்தில் அது ஏறக்குறைய 15 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்குகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு மீட்டருக்கு 128 பிக்சல். மனித முகத்தின் அகலம் சுமார் 15 செ.மீ. ஆக, மொத்த முகத்துக்கும் கிடைப்பது 20 பிக்சல்கூட இல்லை. முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சலும், ஏற்கெனவே தெரிந்தவரைக் கண்டுகொள்ள 125 பிக்சலும் வேண்டும் என்பது கேமரா பொருத்துவோர் வைத்திருக்கும் அளவுகோல்.

இருபது பிக்சலில் முகத்தின் தனி அடையாளங்கள் எல்லாம் போய்விடும். மச்சம், தழும்பு, காதின் மடிப்பு, கண்ணோரத்தின் வடிவம் எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது தலைமுடியின் எல்லை, தாடையின் அகலம், மீசை, உடல்வாகு. இவை ஊரில் நூறு பேருக்குப் பொதுவானவை. படம் மங்க மங்க, அதில் இருப்பவரைப் போலத் தோன்றுகிறவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். ஆனால் பார்ப்பவருக்குச் சந்தேகம் கூடுவதில்லை. ஒரு பெயரைக் காதில் போட்டுவிட்டுப் படத்தைக் காட்டினால், இல்லாத விவரத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். ஆப்களில் போட்டுத் "தெளிவாக்கிய" படங்களையும் இதனால்தான் நான் ஒப்பீட்டுக்கு ஏற்பதில்லை. அவற்றில் உள்ள பல விவரங்கள் கேமரா பதிவு செய்தவை அல்ல, பின்னால் சேர்ந்தவை.

படம் நன்றாக இருந்தாலும் அறிமுகமில்லாத முகத்தில் நாம் தடுமாறுகிறோம். 1999 இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், தரமான வீடியோவில் எடுத்த ஒரு முகத்தைக் காட்டி, அதே நாளில் எடுத்த பத்துப் படங்களுக்குள் அவரைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நேரக் கெடு கிடையாது. அப்படியும் ஏறக்குறைய பத்தில் மூன்று முறை பதில் தவறியது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், மோசமான சிசிடிவி காட்சியைப் பார்த்தே தங்களுக்கு நன்கு தெரிந்தவர்களை மக்கள் சரியாகச் சொன்னார்கள். அவர்களைத் தெரியாதவர்கள் திணறினார்கள். அந்தத் திணறியவர்களில் அனுபவமுள்ள காவல் அதிகாரிகளும் உண்டு. எனவே "எனக்கு அவரைத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், எத்தனை காலமாக, எவ்வளவு நெருக்கமாக என்று விசாரணையாளர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தினமும் கூடவே உட்கார்ந்து வேலை செய்தவர் சொல்வதற்கு மதிப்பு உண்டு. எங்கள் மேற்பார்வையாளர் எலக்ட்ரீஷியனை அவ்வப்போது வாசலில் பார்த்தவர், அவ்வளவுதான்.

சட்டை நிறம் பொருந்துகிறது என்றும் கோப்பில் எழுதியிருந்தார்கள். நடைபாதையில் விளக்கு அணைந்திருந்ததால் கேமரா அகச்சிவப்பு ஒளிக்கு மாறியிருந்தது. படம் கறுப்பு வெள்ளை. அதில் வெளிர் சாம்பலாகத் தெரிந்த சட்டையை எலக்ட்ரீஷியனின் சாம்பல் சீருடை என்று எடுத்துக்கொண்டார்கள். அகச்சிவப்பில் துணியின் நிறம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வராது. சாயத்தைப் பொறுத்து, கறுப்புத் துணிகூட வெளுத்துத் தெரியும். வெவ்வேறு சட்டைகளை அதே கேமராவின் முன் இரவில் காட்டிப் பதிவு செய்யச் சொன்னேன். ஒரு கறுப்புச் சட்டை அந்த ஆளின் சட்டையைப் போலவே வந்தது. சட்டையைப் பற்றிய வரி அத்தோடு போயிற்று.

அடுத்தது நேரம். காட்சியில் மணி 21:42 என்று இருந்தது. வருகைப்பதிவு இயந்திரத்தின்படி எலக்ட்ரீஷியன் 21:50 க்கு வெளியேறியிருக்கிறார். அப்படியானால் உள்ளேதான் இருந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இணையத்தோடு இணைக்காத டி.வி.ஆர் கடிகாரம் மெல்ல நகர்ந்துகொண்டே போகும், அதை யாரும் திருத்துவதும் இல்லை. அதே டி.வி.ஆரில் வாசல் கேமராவும் இருந்தது. அன்றிரவு ஒரு ஊழியர் வருகைப்பதிவு இயந்திரத்தில் விரல் வைக்கும் காட்சியைத் தேடினோம். இயந்திரத்தில் 21:20, காட்சியில் 20:46. டி.வி.ஆர் 34 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. இயந்திரம் நெட்வொர்க் வழியாக நேரம் சரிசெய்துகொள்வது என்பதையும் உறுதி செய்துகொண்டோம். அப்படியென்றால் பையோடு ஆள் போனது 22:16 க்கு. எலக்ட்ரீஷியன் வெளியேறி 26 நிமிடம் ஆகியிருந்தது. வெளியேறியவர் திரும்பி வந்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். நேரம் மட்டும் அவரை விடுவித்துவிடாது.

முகத்தை ஒப்பிடும்போது நாங்கள் ஒரு வரிசையை விடாமல் கடைப்பிடிக்கிறோம். சந்தேக நபரின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே, காட்சியில் இருப்பவரின் முகத்தில் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று எழுதி முடித்துவிட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தால், அட்டைப் படத்தில் இருக்கும் மூக்கையே மங்கலான படத்திலும் பார்ப்போம். ஒற்றுமையைத் தேடினால் எப்போதும் கிடைக்கும். அதனால் வேறுபாட்டைத் தேடுகிறோம். அந்த வேறுபாடு வெளிச்சத்தாலோ கோணத்தாலோ வந்திருக்க முடியுமா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறோம். விளக்க முடியாத வேறுபாடு ஒன்று நின்றுவிட்டால், ஒற்றுமைகள் எத்தனை இருந்தும் பயனில்லை. இன்னொரு நிபுணர், என் முடிவு தெரியாமல், தனியாக இதையே செய்வார்.

இங்கே நெற்றி ஓரத்தில் முடி ஏறியிருப்பதாகத் தெரிந்தது. எலக்ட்ரீஷியனுக்கு அப்படி இல்லை. ஆனால் கேமரா மேலிருந்து பார்க்கிறது. அந்தக் கோணத்தில் நெற்றி பெரிதாகவும் தாடை சிறிதாகவும் காட்டும். அகச்சிவப்பு வெளிச்சம் நெற்றியில் பட்டு முடியின் எல்லையை அழித்திருக்கலாம். எனவே முகத்தைப் பொறுத்தவரை ஒப்பிடப் போதுமான விவரம் இல்லை என்றே எழுதினேன். "ஒத்துப்போகிறது" என்று எழுதுவது எளிது. படிப்பவர் அதை "அவரேதான்" என்று எடுத்துக்கொள்வார்.

விஷயத்தைத் தீர்த்தது உயரம். கேமரா இடம் மாறவில்லை என்பதைத் தரை ஓடுகளின் கோடுகளை வைத்துச் சரிபார்த்தோம். பிறகு அந்த ஆள் கால் வைத்த அதே இடத்தில் அளவுகோல் கம்பத்தை நிறுத்தி, அதே கேமராவில் பதிவு செய்து, இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். நடக்கும்போது உயரம் ஏறி இறங்கும். ஆகவே ஒரே காலில் உடல் நிமிர்ந்து நிற்கும் தருணங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். பிழைக்கு இடம் விட்டு, காலணியோடு 168 முதல் 174 செ.மீ. வரை என்று வந்தது. எலக்ட்ரீஷியன் வெறுங்காலில் 179. காலணி உயரத்தைக் கூட்டுமே ஒழியக் குறைக்காது, அந்த ஆள் குனிந்தும் நடக்கவில்லை. இரண்டாவது நிபுணரும் இதே முடிவுக்குத்தான் வந்தார். உயரம் ஒத்துப்போயிருந்தாலும் அது அவர்தான் என்று நான் எழுதியிருக்க மாட்டேன், அந்த உயரத்தில் ஆட்கள் ஏராளம். ஒருவரை விலக்குவதற்குத்தான் உயரம் உதவும்.

உங்களையோ உங்களுக்குத் தெரிந்தவரையோ இப்படி ஒரு காட்சியைக் காட்டி விசாரித்தால், அன்றே எழுத்துமூலம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கேமராவின் மூலப்பதிவை மட்டுமல்லாமல், அன்றைய நாளின் மற்றக் கேமராப் பதிவுகளையும் அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வட்டு நிரம்பியதும் டி.வி.ஆர் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். பல இடங்களில் சில வாரங்களே மிஞ்சும். வாசல் கேமராவின் பதிவு போயிருந்தால், இந்த வழக்கில் அந்த 34 நிமிடத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. டி.வி.ஆர் கடிகாரத்தையும் சரியான நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்துவைக்கச் சொல்லுங்கள், அதுவரை கடிகாரத்தை யாரும் திருத்தக் கூடாது.