‘மின்சாரம் நிறுத்தப்படும்’ என்ற ஒரு வரி

“தேர் வீதியுலா வரும் நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படும்.” பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில், திருவிழாக் கூட்டங்களின் மினிட்ஸில் இந்த வரியை ஆண்டுதோறும் எழுதியிருக்கிறேன். சென்ற ஆண்டுக் கோப்பைப் பார்த்து அப்படியே எழுதுவது வழக்கம். அந்த வரியில் யார் நிறுத்துவார், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, யார் சொன்ன பிறகு, நிறுத்தினால் வேறு எதெல்லாம் நின்றுபோகும் என்ற எதுவுமே இல்லை என்பது ஒரு பங்குனி இரவில்தான் எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் ஆட்கள் திரண்டு வருவார்கள். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கேரளம் என்றாலும், அம்மன் கோயிலுக்கு எல்லை கிடையாது. கொடியேற்றத்துக்குச் சில வாரங்களுக்கு முன் தாசில்தார் தலைமையில் கூட்டம் நடக்கும். காவல் ஆய்வாளர், பஞ்சாயத்துச் செயலாளர், மருத்துவ அலுவலர், மின்வாரிய உதவிப் பொறியாளர், கோயில் கமிட்டியார் ஆகியோர் வருவார்கள். மினிட்ஸ் மலையாளத்தில் இருக்கும். கமிட்டியில் பாதிப் பேருக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்பதால் தமிழிலும் ஒரு படி எழுதித் தருவேன்.

நான் சொல்லும் ஆண்டில், எழுதியபடியே தேர் முனை திரும்பும்போது மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்தியது தேர் வீதிக்கு மட்டுமல்ல, அந்த டிரான்ஸ்பார்மரில் இருந்த அத்தனைக்கும். வீதி இருண்டது. தண்ணீர்ப் பந்தலுக்கு நீரேற்றிய மோட்டார் நின்றது. அறிவிப்பு மைக் ஊமையானது. முதலுதவி முகாமில் மூச்சுத் திணறலோடு படுத்திருந்த பெரியவருக்கு ஆக்சிஜன் தந்துகொண்டிருந்த கருவி மின்சாரத்தில் ஓடுவது. அதுவும் நின்றது. செவிலியர் ஒருவர் கைப்பேசி விளக்கில் சிலிண்டரைத் தேடி மாட்டினார். வெளியே இருட்டில் தேரின் பின்னால் வந்தவர்கள் தள்ள, முன்னால் இருந்தவர்கள் நகர இடமில்லாமல் நிற்க, ஒரு பாட்டியும் இரண்டு குழந்தைகளும் கீழே விழுந்தார்கள். அருகில் நின்ற இளைஞர்கள் கைகோத்து வளையம் கட்டியதால் மூவரும் பிழைத்தார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தலைக்கு மேலே இருந்தது. அன்று அதைக் கவனித்தவர் லைன்மேன் ஒருவர் மட்டுமே. நிறுத்தப்பட்ட கம்பியில் இருந்த ஒரு தெருவிளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. இருட்டியதும் ஒரு கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார். வாரிய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் அவர் கடையில் இல்லை. அவருடைய மின்சாரம் கடையின் வயரிங் வழியாகத் தெருக் கம்பிக்குத் திரும்பி ஏறியிருந்தது. செத்த கம்பி என்று நம்பி, தேரின் குடையில் சிக்கும் கம்பியை மூங்கிலால் தூக்கிவிட ஒருவர் தேர்மேல் நின்றிருந்தார். டிரான்ஸ்பார்மரின் ப்யூஸ் கழற்றப்படாமல் இருந்தால் இதே மின்சாரம் அதன் வழியே பின்னோக்கிச் சென்று 11 கிலோவோல்ட் கம்பியையும் உயிர்ப்பிக்கும். நிறுத்திய கம்பியில் ஒரு பல்பு மினுக்கினாலும் அந்தக் கம்பி உயிரோடு இருக்கிறது என்றுதான் பொருள். லைன்மேன் கத்திய கத்தலில் மூங்கில் பிடித்தவர் கீழே குதித்தார்.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்த செய்தியைப் படித்தபோது, எனக்கு அந்த மங்கல் விளக்குதான் கண்முன் வந்தது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த ஒரு வரியைப் பிரித்து எழுதுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. முதலில் உயரம். தேர் எவ்வளவு உயரம் என்று கேட்டதற்குக் கமிட்டியார் 22 அடி என்றார்கள். அது மரத்தேரின் அளவு. மலர் அலங்காரமும் உச்சிக் குடையும் சேர்த்து அளந்து வரச் சொன்னோம். 25 அடி வந்தது. தெருவைக் குறுக்கே கடக்கும் 11 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அது ஏறத்தாழ 20 அடிதான். விதிப்படி சரியாகக் கட்டிய கம்பியே இந்தத் தேருக்குப் போதாது. தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டு மட்டம் உயர்ந்திருந்தால் அந்த 20 அடியிலும் குறையும். ஆகவே அலங்காரம் முடிந்த தேரை விழாவுக்கு முதல் நாள் மாலை பொறியாளர் நேரில் அளப்பார் என்று எழுதினோம்.

மின்வாரியத்தின் பத்தி இப்படி அமைந்தது: “தேர் வடக்கு வீதி முனைக்கு முன் சுண்ணாம்புக் கோட்டில் நிற்கும். காவல் ஆய்வாளரின் செய்தி வந்தபின், உயரழுத்தக் கம்பியைத் துண்டிக்கும் ஏபி சுவிட்ச் திறக்கப்படும். வடக்கு வீதி டிரான்ஸ்பார்மரின் ப்யூஸ்கள் கழற்றப்படும். தேர் கடக்கும் பகுதியின் இரு முனைகளிலும் கம்பிகள் தரையோடு இணைத்து எர்த் செய்யப்படும். பொறுப்பு: உதவிப் பொறியாளர். மின்வாரிய ஓவர்சியர் கையெழுத்திட்ட சீட்டு ஆய்வாளர் கைக்கு வரும்வரை தேர் நகராது.”

அதற்கு எதிர்ப்பக்கம் காவல்துறையின் பத்தி: “சுண்ணாம்புக் கோட்டில் தேரை நிறுத்தி வைப்பது ஆய்வாளர் பொறுப்பு. வயர்லெஸ் கருவியோடு ஒரு காவலர் ஏபி சுவிட்ச் அருகில் ஓவர்சியருடன் நிற்பார்.” கைப்பேசியை நம்பக் கூடாது என்று அதிலேயே எழுதினோம். கூட்டம் பெருகும்போது அழைப்பு போகாது, முந்தைய ஆண்டு அதையும் பார்த்திருந்தோம்.

பஞ்சாயத்து, மாலை 5 மணிக்குள் மேல்நிலைத் தொட்டியை நிரப்பி அளவுக்கோலைச் செயலாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மைக்குக்கும் வீதியின் 12 விளக்குகளுக்கும் தனி ஜெனரேட்டர், தனி வயர். அதைத் தெருக் கம்பியோடு எங்கும் இணைக்கக் கூடாது. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாத கடைக்கு ஜெனரேட்டர் அனுமதி கிடையாது. இதை நேரில் பார்த்துச் சொல்வது மின்வாரியம், அனுமதியை மறுப்பது பஞ்சாயத்து. சுகாதாரத் துறை முதலுதவி முகாமை மின்சாரம் நிற்காத கிழக்கு வீதிக்கு மாற்றியது. இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களை ரெகுலேட்டர் மாட்டிய நிலையில் வைப்பதாகவும் மருத்துவ அலுவலர் ஒப்புக்கொண்டார்.

கவனித்துப் பாருங்கள். நான்கு துறைகளும் தத்தம் வேலையை முந்தைய ஆண்டும் செய்தே இருந்தன. ஒரு துறையின் வேலை இன்னொரு துறையின் வேலையை எங்கே நிறுத்துகிறது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு மினிட்ஸ் எழுதும்போது ‘போதிய’, ‘தேவையான’, ‘உரிய’ என்ற மூன்று சொற்களை யார் சொன்னாலும் பேனாவை நிறுத்திவிடுவேன். “போதிய காவலர்கள் என்றால் எத்தனை பேர் சார், எந்த முனையில்?” என்று கேட்பேன். சில அதிகாரிகளுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைக் கூட்ட அறையில் தாங்கிக்கொள்ளலாம்.

மொழி இன்னொரு சிக்கல். காவலர்கள் மலையாளத்தில் “வலிக்கருது” என்று கத்துவார்கள். வடத்தை இழுக்காதே என்று அர்த்தம். தமிழ்க் காதுக்கு அது யாரோ வலிக்கிறது என்று சொல்வதுபோலக் கேட்கும். வடம் பிடித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். தேரை நிறுத்த வேண்டிய நொடியில் இந்தக் குழப்பம் உயிரோடு விளையாடுவது. ஆகவே வாய்ச்சொல்லே வேண்டாம், நீண்ட விசிலும் சிவப்புக் கொடியும் என்று தீர்மானித்து, வடம் பிடிப்பவர்களுக்குத் தேருக்கு முந்தைய நாள் இரண்டு முறை பழக்கினோம்.

கூட்டத்தில் மிக நீண்ட வாக்குவாதம் கடைகளைப் பற்றியது. வடக்கு வீதி ஆறு மீட்டர் அகலம். இருபுறமும் வளையல் கடையும் பொரிக்கடையும் ஒன்றரை மீட்டர் முன்னே வந்தால் மீதி மூன்று மீட்டர். சமதரையில் ஒரு மீட்டர் அகலத்தின் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 பேர் நடந்து போக முடியும், அதுவும் எல்லோரும் ஒரே திசையில் போனால்தான். மூன்று மீட்டருக்கு 240 பேர். தேர் நிலைக்கு வந்ததும் 6,000 பேர் ஒன்றாகக் கிளம்பினால் 25 நிமிடம் ஆகும். கடைகள் பின்வாங்கினால் அது பன்னிரண்டரை நிமிடம். பொள்ளாச்சிக்குக் கடைசிப் பேருந்து பத்து நிமிடத்தில் புறப்படும் என்று கூட்டம் நினைத்துவிட்டால் யாரும் 25 நிமிடம் காத்திருக்க மாட்டார்கள். ஆகவே தரையில் மஞ்சள் கோடு போடுவது பஞ்சாயத்து, கோட்டைத் தாண்டிய கடையைப் பின்தள்ளுவது காவல்துறை, கடைசிப் பேருந்துகள் காத்திருக்கும் நேரத்தை மைக்கில் இரு மொழியிலும் சொல்வது கமிட்டி என்று பிரித்தோம்.

ஒரு வாயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்குக் காத்திருந்த கூட்ட நெரிசலில் 6 பேர் இறந்தார்கள். உடல்நலம் குன்றிய ஒருவரை வெளியே கொண்டுவர வாயிலைத் திறந்தபோது, டோக்கன் தரத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணிக் கூட்டம் முன்னே பாய்ந்ததாகச் செய்திகள் வந்தன. மயங்கியவரை வெளியேற்றும் வழி, மற்றவர்கள் உள்ளே நுழையக் காத்திருக்கும் வழியாக இருக்கவே கூடாது. உங்கள் ஊர்க் கூட்டத்தில் மருத்துவ அலுவலர் “ஆம்புலன்ஸ் தயார்” என்று சொன்னால், நோயாளி எந்த வாயிலில் வெளியே வருவார், அந்த வாயிலின் சாவி யார் கையில் என்று கேளுங்கள். எங்களைப் போன்ற எல்லை ஊரில் இன்னொரு கேள்வியும் உண்டு: வண்டி பாலக்காட்டுப் பக்கம் போகுமா, பொள்ளாச்சிப் பக்கமா? பொள்ளாச்சிப் பக்கம் என்றால் சோதனைச் சாவடிக்கு எழுத்தில் முன்கூட்டியே தகவல் போயிருக்க வேண்டும்.

தேருக்கு மூன்று நாள் முன்பு எல்லோரும் மினிட்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தேர்ப் பாதையை நடந்து பார்ப்பது எங்கள் புதிய ஏற்பாடு. அந்த ஆண்டு நடந்தபோது, எங்கள் குறிப்பில் இல்லாத ஒன்று கண்ணில் பட்டது. கேபிள் டிவி வயர் ஒன்று 15 அடியில் தொய்ந்து தொங்கியது. யாருடைய வயர் என்று யாருக்கும் தெரியவில்லை. பஞ்சாயத்துச் செயலாளர் அங்கேயே நின்று அதைத் தம் பெயரில் எழுதிக்கொண்டார், மறுநாள் அது ஏற்றிக் கட்டப்பட்டது.

தேரன்று ஓவர்சியரின் சீட்டு இரவு 7.10க்கு ஆய்வாளர் கைக்கு வந்தது. தேர் கோட்டைத் தாண்டியது 7.14க்கு. எர்த் கம்பிகளை எடுத்து, ப்யூஸ் போட்டு, மின்சாரம் திரும்பியது 7.52க்கு. இடையில் ஜெனரேட்டர் விளக்குகள் எரிந்தன, மைக் பேசியது, தெருக் கம்பியில் ஒரு பல்பும் மினுக்கவில்லை. மஞ்சள் கோட்டை மட்டும் எட்டு மணிக்குள் நான்கு கடைகள் தாண்டியிருந்தன. மறுவாரம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் அந்த நான்கு கடைகளின் எண்களை முதல் பொருளாக எழுதினேன்.