நாற்பது கிணறுகளைத் தேர்ந்தெடுத்தது யார்?

நிலத்தடி நீர் அறிக்கை எது வந்தாலும், நான் முதலில் பார்ப்பது மாதிரி எடுத்த இடங்களைக் காட்டும் வரைபடத்தை. முடிவுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்து அறிக்கை என்றால் இது இன்னும் முக்கியம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பகுதி அது. அங்கே பாலாறும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வெகுதூரம் அருகருகே போகின்றன. வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் சாலையோரமாகவே வரிசைகட்டி நின்றால், கார் போகிற இடத்தில் மட்டும் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதனால் எவ்வளவு வித்தியாசம் வரும்? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பகுதியில் 400 கிணறுகள். ஆற்றை ஒட்டி 80, அவற்றில் கரைந்த உப்பின் அளவு (டி.டி.எஸ்) லிட்டருக்குச் சராசரியாக 3000 மில்லிகிராம். நடுவில் 120 கிணறுகள், சராசரி 1500. மேட்டுப் பக்கம் 200 கிணறுகள், சராசரி 800. மொத்தச் சராசரி 1450. சாலையோரமாகவே போய் ஆற்றங்கரையில் 24, நடுவில் 12, மேட்டில் 4 என்று 40 மாதிரி எடுத்தால் சராசரி 2330 ஆகிவிடும். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் 2000. ஆய்வகத்தில் ஒரு பிழைகூட நடக்காமலே பகுதி முழுவதும் ‘வரம்பு மீறியது’ ஆகிவிடுகிறது. மேட்டுக் கிணறுகளை மட்டும் எடுத்தால் அதே பகுதி பத்திரமானது போலத் தெரியும்.

சரி, சமவாய்ப்பு முறையில் எடுத்தால்? 400 கிணறுகளுக்கும் எண் கொடுத்து, எக்செலில் `=RANDBETWEEN(1,400)` போட்டு, திரும்ப வந்த எண்களைத் தள்ளிவிட்டு 40 கிணறுகளை எடுக்கலாம். தேர்வு ஒரு பக்கமாகச் சாய்கிற அந்தச் சாய்வு போய்விடும். ஆனால் ஆற்றங்கரையில் சராசரியாக 8 கிணறு வரவேண்டிய இடத்தில், ஒரு தடவை 4 வரும், இன்னொரு தடவை 12 வரும். பலர் கிணற்றுப் பட்டியல் தயாரிக்கச் சோம்பல்பட்டு, வரைபடத்தில் சமவாய்ப்பாகப் புள்ளி வைத்து, பக்கத்தில் இருக்கும் கிணற்றை எடுக்கிறார்கள். இங்கே ஒரு மறைவான சாய்வு இருக்கிறது. தோப்புக்குள் தனியாக நிற்கும் கிணற்றைச் சுற்றி நிறைய நிலம் இருக்கும், அதனால் புள்ளி அதற்கு விழும் வாய்ப்பு அதிகம். ஊருக்குள் நெருக்கமாக இருக்கும் கிணறுகளுக்கு வாய்ப்பு குறைவு.

முறைசார் மாதிரி களத்தில் சுலபம். 1 முதல் 10-க்குள் ஓர் எண்ணைச் சமவாய்ப்பாக எடுத்து, அங்கிருந்து ஒவ்வொரு பத்தாவது கிணறாகப் போகலாம். பட்டியலில் ஏதாவது ஒழுங்கு திரும்பத் திரும்ப வந்தால்தான் சிக்கல். தெருவுக்குப் பத்து வீடு என்று தெருவாரியாக எழுதிய பட்டியலாக இருந்தால், உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் தெருக்கோடி வீட்டுக் கிணறாகவே, சாக்கடை சேரும் இடமாகவே அமைந்துவிடலாம்.

ஆற்றிலிருந்து உள்ள தூரமே உப்பைத் தீர்மானிக்கிறது என்று முன்பே தெரிந்த பகுதியில் நான் அடுக்கு மாதிரியைத்தான் எடுப்பேன். மூன்று பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சமவாய்ப்பாக எடுக்கலாம். விகிதப்படி என்றால் 8, 12, 20. ஆற்றங்கரையில் அளவுகள் தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதால் அங்கே கூடுதலாக, 20, 10, 10 என்றும் எடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த 40 எண்களையும் அப்படியே கூட்டி வகுத்தால் 2075 வரும். ஒவ்வொரு பட்டையின் சராசரியையும் 0.2, 0.3, 0.5 என்ற எடையால் பெருக்கிக் கூட்டினால்தான் 1450 திரும்ப வரும். இந்த எடையை மறந்த அறிக்கைகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், அதுவும் முறையியல் பகுதியில் ‘அடுக்கு மாதிரி’ என்று அழகாக எழுதிவைத்த அறிக்கைகள்.

‘ஆய்வுப் பகுதியில் சமவாய்ப்பாக 40 மாதிரிகள் சேகரிக்கப்பட்டன’ என்று ஒற்றை வரியோடு முடியும் முறையியலை நான் நம்புவதில்லை. எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், எண்களை எது தேர்ந்தெடுத்தது என்பது அதில் இருக்கவேண்டும். இரண்டுமே இல்லையென்றால் ‘சமவாய்ப்பு’ என்பதற்கு ‘கண்ணில் பட்டது’ என்றுதான் பொருள். அடுத்து, பூட்டியிருந்த வீட்டையும் வற்றிய கிணற்றையும் என்ன செய்தார்கள் என்று தேடுவேன். கோடையில் முதலில் வற்றுவது ஆழம் குறைந்த கிணறு. அதற்குப் பதிலாகப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் பிடித்திருந்தால், அளந்தது வேறு ஆழத்துத் தண்ணீர். அதனால் கிணற்றின் வகை, ஆழம், மாதிரி எடுத்த மாதம் மூன்றும் அட்டவணையில் இருக்கவேண்டும். தேர்வான கிணறுகளில் எத்தனை கைவிடப்பட்டன, எந்தப் பட்டையில் என்பதும் வேண்டும். மேட்டுப் பட்டையில் 20-க்கு 9 கைவிடப்பட்டு, அவற்றின் இடத்தை ஆற்றங்கரைக் கிணறுகள் நிரப்பியிருந்தால், அந்தச் சராசரியை நான் மேற்கோள் காட்டமாட்டேன். பட்டைவாரியான எண்களை மட்டும் எடுத்துக்கொள்வேன்.