கேனை ஃபிரீசரில் வைக்காதீர்கள், ப்ளீஸ்

கோடை விளம்பர சீசன் தொடங்கினால் இந்த ஃபோன் வந்துவிடும். "அண்ணா, ராத்திரி ஃபிரீசர்ல வச்ச கூல்டிரிங்க்ஸ் கேன் வெடிச்சிடுச்சு, பத்து மணிக்கு ஷூட்டு." இந்த வாரமும் வந்தது. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், உள்ளே கேஸ் வேறு இருக்கிறது, அலுமினியம் எவ்வளவுதான் தாங்கும்?

நிஜமாகவே குளிர்ந்த கேன்தான் படத்திலும் குளிர்ச்சியாகத் தெரியும் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. வெடிக்காமல் தப்பிய கேனை வெளியே எடுத்துப் பாருங்கள். முதலில் புகை படிந்தது போல ஒரு வெள்ளை, அப்புறம் பொடித்துளி, அவை ஒன்றோடொன்று சேர்ந்து கோடு கோடாக வழியும். லைட்டைச் சரிசெய்து ஃபோகஸ் பார்ப்பதற்குள் கையில் இருப்பது வெறும் ஈரக் கேன். கிளையன்ட் கேட்கும் உறைபனியும் முத்து முத்தான துளியும் ஒன்றாக நிற்பது, கேன் இளகும்போது வரும் சில நிமிடங்கள் மட்டும்தான்.

ஃபோன் செய்த தம்பி அடுத்துச் செய்ததுதான் எனக்கு எரிச்சல். மிச்சமிருந்த சில்லென்ற கேன்கள் மேலேயே போலித் துளிக்காகக் கிளிசரினை அடித்திருக்கிறார். காற்றின் ஈரம் அதன் மேல் படிந்துகொண்டே இருந்தால் கிளிசரின் நீர்த்துச் சறுக்கத்தானே செய்யும்? படத்தில் முன்னால் நிற்கும் ஹீரோ கேன் அறை வெப்பத்தில், காய்ந்து இருக்க வேண்டும். துடைத்து இரண்டு மணி நேரம் வெளியே வைக்கச் சொன்னேன். பிறகு கைரேகை போக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கையுறையோடு பிடித்து, ஓரடி தள்ளி நின்று மேட் ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு கோட். அந்த மங்கல்தான் பனிப்படலமாகத் தெரியும், துளியும் அதில் பிடித்து நிற்கும். நன்றாகக் காய்ந்ததும் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தூரத்திலிருந்து பொடியாக அடிக்க வேண்டும். பெரிய துளிகளை ஊசியில்லாத சிரிஞ்சால் அங்கங்கே வைத்தால் போதும், வரிசையாக வைத்தால் அம்மை போட்டது போல இருக்கும். கிளிசரின் லேசில் காயாது என்பதால் மதியம் வரை அதே துளிகளை வைத்தே எடுத்தார். (சர்க்கரைப் பாகை முயற்சி செய்யாதீர்கள், எறும்பு வரும்.)

கடற்கரையில் எடுப்பவர்களுக்கு ஒன்று. காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலைதான் பனிப்புள்ளி, சென்னையில் மே மாதம் அது 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏசி காரில் 20 டிகிரியில் இருந்த கேனை வெளியே எடுத்த உடனே வியர்க்கும், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த துளியெல்லாம் காலி. லென்ஸுக்கும் அதே கதிதான். இரண்டையும் முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள்.

தயவுசெய்து ஜன்னலைத் திறந்துவிட்டு, சூடான லைட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் ஸ்ப்ரே அடியுங்கள், அது தீப்பிடிக்கும் சமாச்சாரம். மேட் ஸ்ப்ரே அடித்த கேனை மாடலின் வாயருகே கொண்டுபோகவே கூடாது. குடிக்கிற ஷாட்டுக்கு ஸ்ப்ரே படாத தனி கேன், அதன் அடியில் மார்க்கரால் ஒரு அடையாளம்.