மருந்து சாப்பிட்டீர்களா, மருந்தைச் சாப்பிட்டீர்களா: தகாலோக் வினையில் உம், மக், இன்

பிலிப்பைன்ஸில் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்கள் வார்டில் அடிக்கடி கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தகாலோக்கில் அதற்கு இரண்டு வடிவங்கள்.

உமினோம் நா போ பா கயோ நங் காமோத்?
இனினோம் நா போ பா நின்யோ அங் காமோத்?

இரண்டையும் ‘மருந்து குடித்தாயிற்றா?’ என்றுதான் பலரும் குறித்துவைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் முதலாவது ‘ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கிறது. இரண்டாவது ‘அந்த மருந்தைச் சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கிறது. காலையில் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தொடாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்ட நோயாளி முதல் கேள்விக்கு ‘ஓஓ’, அதாவது ஆமாம், என்று சொன்னால் அதில் பொய்யே இல்லை. கேட்டவர்தான் தவறாகக் கேட்டிருக்கிறார்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோள்பையை ‘பேக்’ என்கிறோமே, அதில் வரும் ப், க் ஒலிகள்தாம் கீழே ‘பா’, ‘பினிலி’, ‘பில்ஹின்’ போன்ற சொற்களின் ப்-இலும், ‘மக்’, ‘நக்’ ஒட்டுகளின் க்-இலும், ‘காமோத்’ என்பதன் முதல் எழுத்திலும் இருக்கின்றன. மரியாதைச் சொல்லான ‘போ’ மட்டும் நம் ‘போ’ போலவே ஒலிக்கும்.

இப்போது கூறுகளைப் பிரிப்போம். வேர்ச்சொல் ‘இனோம்’, குடித்தல். பெயருக்கு முன்னால் நிற்பவை ‘அங்’, ‘நங்’ என்ற இரு சிறுசொற்கள். வாக்கியத்தின் மையப் பெயர் எதுவோ அது ‘அங்’ ஏற்கும். மையமாகாத செய்பவரும் செயப்படுபொருளும் ‘நங்’ ஏற்கும். மையத்தில் இருப்பது செய்பவரா செயப்படுபொருளா என்பதை ‘அங்’ சொல்லாது. அதைச் சொல்வது வினையில் இருக்கும் ஒட்டு. ‘உம்’ அல்லது ‘மக்’ வந்தால் செய்பவர் மையம், ‘இன்’ வந்தால் செயப்படுபொருள் மையம். பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் இதற்குப் பெயர் ‘போகுஸ்’.

மாற்றுப்பெயர்களில் அங், நங் தனியாகத் தெரியாது. அவற்றின் வடிவமே மாறிவிடும். அங் வரிசையில் அகோ (நான்), கா (நீ), ஸியா (அவர்), கயோ (நீங்கள்). நங் வரிசையில் கோ, மோ, நியா, நின்யோ. ஆட்பெயருக்கு முன்னால் அங்குக்குப் பதில் ‘ஸி’, நங்குக்குப் பதில் ‘நி’. தொடக்கத்தில் மனப்பாடம் செய்யவேண்டியது இவ்வளவுதான். ஆனால் இதை வாயில் பழக்காமல் வினைவடிவங்களை மட்டும் உருப்போடுகிறவர்கள்தாம் ‘இனினோம் நா போ பா கயோ அங் காமோத்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். ‘இன்’ இருப்பதால் குடிக்கப்பட்டது எதுவோ அதுதான் அங் வரிசையில் வரவேண்டும். ‘கயோ’ அங் வரிசை. ஆகவே கேட்பவர் காதில் முதலில் விழுவது ‘உங்களைக் குடித்துவிட்டார்களா?’ என்பது. பின்னாலேயே இன்னொரு அங் வந்து நிற்பதால்தான் பிழை என்று புரிகிறது. ஒரே வினைக்கு இரண்டு அங் வந்து முட்டினால் எங்கோ தவறியிருக்கிறோம் என்று பொருள். உடனே ‘கயோ’வை ‘நின்யோ’ ஆக்குங்கள், அல்லது வினையை ‘உமினோம்’ ஆக்கி ‘அங் காமோத்’ என்பதை ‘நங் காமோத்’ ஆக்குங்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மீன் வாங்கினேன் என்பதற்கும் மீனை வாங்கினேன் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் யோசிக்காமலே கையாள்கிறோம். ஐ உருபு வந்தால் கேட்பவருக்கும் தெரிந்த, குறிப்பிட்ட மீன். தகாலோக் அதே வேலையை வினையை மாற்றிச் செய்கிறது.

மீன் சாப்பிட்டேன்: குமாயின் அகோ நங் இஸ்தா.
மீனைச் சாப்பிட்டேன்: கினாயின் கோ அங் இஸ்தா.

தமிழில் சொல்லிப் பாருங்கள். ஐ இல்லாமல் சொன்னால் உறுத்துகிறது என்றால் தகாலோக்கில் ‘இன்’ பக்கம் போங்கள். ‘என்னை’, ‘உன்னை’ என்பவற்றில் ஐயை விடவே முடியாது அல்லவா? அங்கேயும் அப்படித்தான். ‘மரியா என்னைத் தேடினாள்’ என்பது ‘ஹினானாப் அகோ நி மரியா’. இதை ‘நக்ஹனாப் ஸி மரியா’ என்று தொடங்கிவிட்டால் ‘என்னை’ வைக்க இடமே இல்லாமல் போகும்.

இந்த ஒப்புமையை எல்லா இடத்துக்கும் நீட்டக்கூடாது. ‘ஸீனோ அங் குமாயின் நங் இஸ்தா?’ என்ற கேள்வியில் (யார் மீன் சாப்பிட்டது?) ‘நங் இஸ்தா’ மேசைமேல் இருந்த அந்த மீனையும் குறிக்கலாம். ‘யார்’ என்று கேட்டாலே செய்பவர்தான் மையமாக வேண்டும், வினைக்கு வேறு வழியில்லை. அதனால் மீன் குறிப்பிட்டதாக இருந்தாலும் நங் ஏற்றுக்கொள்கிறது.

இன்னொரு பெரிய சறுக்கல், இன் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாகப் படிப்பது. ‘கினாயின் கோ அங் இஸ்தா’ என்பதை ‘மீன் என்னால் சாப்பிடப்பட்டது’ என்று பெயர்த்தால் இலக்கணம் சரிபோலத் தெரியும், ஆனால் தமிழ் செத்துவிடும். தமிழில் யாரும் சாப்பாட்டு மேசையில் அப்படிப் பேசுவதில்லை. அங்கே இந்த இன் வாக்கியம் சர்வசாதாரணப் பேச்சு. ‘மீனைச் சாப்பிட்டுவிட்டேன்’ என்றே பெயர்க்கலாம்.

இனி வடிவங்கள். அதிகம் சொதப்புவது இங்கேதான், ஏனென்றால் ஒட்டுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. ‘காயின்’ (சாப்பிடுதல்) என்ற வேரில் ‘உம்’ முதல் மெய்க்குப் பின்னால் நுழைகிறது: குமாயின், சாப்பிட்டது. நடந்துகொண்டிருந்தால் வேரின் முதல் அசை இரட்டிக்கும்: குமாகாயின். இனிமேல் நடக்கப்போவது என்றால் இரட்டிப்பு மட்டும் நிற்கும், உம் காணாமல் போகும்: காகாயின். உயிரெழுத்தில் தொடங்கும் வேரில் நுழைய மெய் இல்லாததால் உம் முன்னாலேயே ஒட்டிக்கொள்ளும், உமினோம் என்பது அப்படி வந்தது.

‘இன்’ இன்னும் குறும்புக்காரன். ஏவலிலும் எதிர்காலத்திலும் சொல்லின் கடைசியில் நிற்கும்: காயினின், காகாயினின். நடந்ததற்கும் நடப்பதற்கும் வாலிலிருந்து இறங்கி உள்ளே புகுந்துகொள்ளும்: கினாயின், கினாகாயின். லகரத்தில் தொடங்கும் வேராக இருந்தால் ‘நி’ என்று புரண்டு முன்னால் வரும். ‘லூத்தோ’ (சமைத்தல்) ‘நிலூத்தோ’ ஆவது இப்படித்தான். அதன் ஏவல் லுத்துயின், ஓகாரம் உகரமாகிவிட்டது. ‘பிலி’ (வாங்குதல்) ‘பில்ஹின்’ ஆகும்போது நடுவில் ஒரு ஹகரம் முளைக்கும்.

இப்போது ஆபத்தான ஜோடியைப் பாருங்கள். ‘காகாயின் அகோ’ என்றால் ‘சாப்பிடப் போகிறேன்’. எதிர்காலத்தில் உம் மறைந்துவிடுவதால், ஏதோ ஒட்டு குறைகிறதே என்ற சந்தேகத்தில் கற்பவர் ஓர் இன் சேர்த்துவிடுகிறார்: ‘காகாயினின் அகோ’. அதன் பொருள் ‘என்னைச் சாப்பிடப் போகிறார்கள்’. மதிய இடைவேளையில் இதைச் சொன்னால் மேசை முழுக்கச் சிரிக்கும். கேட்பவர் சிரித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கடைசி இன்னைத்தான்.

‘மக்’ ஒழுங்கானது. எப்போதும் முன்னால் நிற்கும். தொடங்கிவிட்ட செயலுக்கு மகரம் நகரமாகும், அவ்வளவே: மக்லூத்தோ, நக்லூத்தோ, நக்லுலூத்தோ, மக்லுலூத்தோ. முறையே சமை, சமைத்தது, சமைப்பது, சமைக்கப்போவது.

உம், மக் இரண்டும் செய்பவரையே மையமாக்குகின்றன என்றால் இரண்டு எதற்கு? எந்த வேர் எதை ஏற்கும் என்பது அந்த வேரின் வழக்கம். லூத்தோ மக்கைத்தான் ஏற்கும். ஒரே வேர் இரண்டையும் ஏற்கும்போதுதான் கவனம் வேண்டும், பொருள் பிரிந்துவிடும். ‘உமாலிஸ்’ கிளம்பிப்போவது, ‘மக்-அலிஸ்’ ஒன்றைக் கழற்றுவது, அகற்றுவது. ‘லுமாபாஸ்’ வெளியே வருவது. ‘மக்லபாஸ்’ ஒன்றை வெளியே எடுப்பது. ‘புமிலி’ வாங்குவது, ‘மக்பிலி’ விற்பது. உம் தன்னளவில் நடப்பதையும் தன்பக்கம் வருவதையும், மக் வெளியே உள்ள பொருளின்மேல் செய்வதையும் காட்டுகிறது என்று ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘லுமாகாத்’, ‘மக்லாகாத்’ இரண்டும் நடப்பதுதான், அங்கே இந்தக் கணக்கு உதவாது.

இந்தப் பிரிவு இன் வடிவத்தையும் பாதிக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘அலிஸின் போ நின்யோ அங் ஸபாதோஸ்’, செருப்பைக் கழற்றுங்கள். இந்த ‘அலிஸின்’ வடிவம் ‘மக்-அலிஸ்’ என்பதற்கு ஜோடி. செய்பவர் மையமாகச் சொல்லவேண்டுமே என்று ‘உமாலிஸ் போ கயோ’ என்று ஆரம்பித்தால் நோயாளி எழுந்து வெளியே போய்விடுவார், ஏனென்றால் ‘கிளம்புங்கள்’ என்று சொல்லியாயிற்று. வாங்குவதில் இது தலைகீழ். ‘பினிலி’ உம் பக்கத்து ஜோடி, வாங்கினது. விற்றதற்கு ‘இபினக்பிலி’ என்ற வேறு வடிவமே உண்டு. மருந்துக்கடையில் இரண்டையும் மாற்றினால் காசு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்பதே மாறிவிடும்.

கடைசியாக ஒன்று, இது வார்டுக்கு நேரடியாகப் பயன்படும். தமிழில் ‘மருந்து சாப்பிட்ட நோயாளி’, ‘நோயாளி சாப்பிட்ட மருந்து’ இரண்டுக்கும் ‘சாப்பிட்ட’ என்ற ஒரே பெயரெச்சம் போதும். தகாலோக்கில் போதாது. எந்தப் பெயரை விவரிக்கிறோமோ அதுவே வினையின் மையமாக இருக்கவேண்டும். முதலாவது ‘அங் மய்ஸகித் நா உமினோம் நங் காமோத்’. இரண்டாவது ‘அங் காமோத் நா இனினோம் நங் மய்ஸகித்’. கேள்விக்கும் இதே சட்டம். ‘என்ன குடித்தீர்கள்?’ என்பதற்கு ‘அனோ போ அங் இனினோம் நின்யோ?’ மட்டுமே சரி. ‘அனோ போ அங் உமினோம்?’ என்று தொடங்கினால் ‘எது குடித்தது?’ என்று ஆகிவிடும். ‘யார்’ என்றால் உம் அல்லது மக், ‘என்ன’ என்றால் இன் என்று பழகிக்கொண்டால் பாதிக் கேள்விகள் தானாகச் சரியாகும்.

பாதி என்று சொல்லக் காரணம் உண்டு. செயப்படுபொருளை மையமாக்க எல்லா வேரும் இன் ஏற்பதில்லை. கை கழுவச் சொல்ல ‘ஹுகஸான்’ (‘ஆன்’ ஒட்டு), கொடுக்கச் சொல்ல ‘இபிகாய்’ (‘இ’ ஒட்டு). புதிய வினை ஒன்றைக் குறிப்பேட்டில் எழுதும்போது வேரை மட்டும் எழுதாமல், செய்பவர் மைய வடிவம் ஒன்று, பொருள் மைய வடிவம் ஒன்று என்று ஜோடியாக எழுதுங்கள். தாவாவ், செபு பக்கம் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: அங்கே தெருவில் கேட்பது பெரும்பாலும் செபுவானோ. மையம் என்ற ஏற்பாடு அதிலும் உண்டு, ஆனால் ஒட்டுகள் வேறு.