ஓ.டி. 26 என்றால் என்ன? அவுட்டர்னும் அதற்கான தமிழ்ச் சொல்லும்

ஏற்காட்டில் காபி விற்கிற யாரும் ஓ.டி. என்ற இரண்டெழுத்தைத் தாண்டிப் போக முடியாது. வியாபாரி விலை சொல்வதும் அதை வைத்துத்தான், ரசீதில் எழுதுவதும் அதைத்தான். ஆனால் சேர்வராயன் மலையில் ஒரு கூட்டம் கூட்டி "உங்க செர்ரி ஓ.டி. 26" என்று சொல்லிப் பாருங்கள். ஓய்வுபெற்று வந்து இரண்டு ஏக்கர் வாங்கிய நர்ஸம்மாவுக்கு அது ஆபரேஷன் தியேட்டர். சேலத்தில் மில் வேலை பார்த்துத் திரும்பியவருக்கு ஓவர்டைம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆன் டியூட்டி லீவு. எஸ்டேட் மேனேஜர் ஒருவர்தான் சரியாகப் புரிந்துகொள்வார். மற்றவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் தனக்குத் தெரியாது என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமே.

ஓ.டி. என்பது அவுட்டர்ன் என்பதன் சுருக்கம். காபிப் பழத்தைத் தோலோடு அப்படியே காயவைத்தால் கிடைப்பதை நம் சந்தையில் செர்ரி என்கிறோம். ஐம்பது கிலோ செர்ரி மூட்டையைத் தோல் நீக்கினால் எத்தனை கிலோ சுத்தமான கொட்டை மிஞ்சுகிறதோ, அந்தக் கிலோ எண்ணிக்கைதான் ஓ.டி. ஆக, 26 என்பது இருபத்தாறு கிலோ கொட்டை. மீதி இருபத்து நான்கு கிலோவும் உமியும் தோலும்.

மூட்டை முழுவதையும் உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. மூட்டையின் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து, அதில் 200 கிராம் நிறுத்துக்கொள்ள வேண்டும். தோலை நீக்கிக் கொட்டையை மட்டும் மறுபடி நிறுக்க வேண்டும். 104 கிராம் வந்தால் அதை நாலால் வகுக்க 26. விலையும் இதோடு ஒட்டியே வரும். கணக்குக்காக ஒரு ஓ.டி.க்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓ.டி. 26 உள்ள மூட்டை 7,800 ரூபாய். அதே எடை மூட்டையில் ஓ.டி. 24 வந்தால் 7,200. எடை ஒன்றுதான், மூட்டைக்கு 600 ரூபாய் வித்தியாசம். காய்த்துளைப்பான் விழுந்த கொட்டை உள்ளே அரிக்கப்பட்டு லேசாகிவிடும். பிஞ்சில் பறித்ததும் அப்படித்தான். ஓ.டி. குறைவது பெரும்பாலும் இதனால்.

ஒரு வருஷம் நாகலூர்ப் பக்கம் இதை விளக்கப் போய் நான் கெடுத்துவிட்டேன். "உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன், ரொம்ப ஈஸிதான்" என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த, இந்த மலையின் மலையாளி பழங்குடியைச் சேர்ந்த அக்கா ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முப்பது வருஷமாகக் காபி பறித்துக் காயவைத்தவர். ஈஸி என்று நான் சொன்ன பிறகும் புரியாவிட்டால் குற்றம் அவருடையது என்றல்லவா ஆகிறது? அதோடு "விளைச்சல் மாதிரிதான்" என்றும் சொல்லிவிட்டேன். அது தவறான தகவல். கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, "ஏங்க, விளைச்சல் நல்லாத்தான இருந்துச்சு, அப்புறம் எப்படி ஓ.டி. கம்மின்னு எழுதுறாங்க?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். செடி நிறையக் காய்த்திருக்கலாம், கொட்டை லேசாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் நான் செய்த தவறு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் டர்ன் அவுட் என்பது ஒரு வேலையின் முடிவில் இப்படி வந்து அமைந்தது என்று சொல்லப் பயன்படும் வினை. அதைத் திருப்பிப் போட்டு ஒட்டிய பெயர்ச்சொல்தான் அவுட்டர்ன். போட்டதிலிருந்து வந்ததைக் குறிக்கும் சொல் அது. நிலத்திலிருந்து வந்ததோடு அதற்குச் சம்பந்தமில்லை. நெல் அரைவையிலும் இதே சொல் உண்டு. அரசு கொள்முதல் செய்யும் நெல்லை அரைத்துக் கொடுக்கும் ஆலைகளுக்குப் பச்சரிசிக்கு 67 சதவீதம், புழுங்கலரிசிக்கு 68 சதவீதம் என்று ஒரு அவுட்டர்ன் விகிதம் வைத்திருக்கிறார்கள். நூறு கிலோ நெல் கொடுத்தால் அவ்வளவு கிலோ அரிசி திரும்ப வர வேண்டும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? மகசூல், விளைச்சல் இரண்டும் நிலத்தோடு நிற்பவை. கண்டுமுதல் என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறது, களத்தில் அடித்து அளந்து கண்டது. அதுவும் வயலின் பலனைத்தான் சொல்கிறது. வெளித்திருப்பம் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஆனால் நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரைஸ்மில்லுக்குப் போகிறவர் என்ன கேட்கிறார்? "இதுல எவ்வளவு அரிசி தேறும்?" தேறும் என்ற அந்தச் சொல்லில் எல்லாம் இருக்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கலெல்லாம் போய்த் தெளிந்த கள்ளைச் சங்கப் பாடல்கள் தேறல் என்கின்றன. கழிக்க வேண்டியது கழிந்து நின்றதே தேறியது. ஆகவே அவுட்டர்னுக்குத் தேறும் எடை என்பதே என் தேர்வு. கேட்ட மாத்திரத்தில் எல்லோருக்கும் புரியும், பொருளும் பிசகாது.

அதற்காக ஓ.டி.யை விட்டுவிடக் கூடாது. ரசீதில் இருப்பது அதுதான். தேறும் எடை மட்டும் தெரிந்தவர், காபியைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் க்யூரிங் ஒர்க்ஸ் ரசீதைக் கையில் வாங்கியதும் மறுபடி திகைப்பார். அதனால் அடுத்த கூட்டத்தில் வரிசையை மாற்றினேன். முதலில் ஒரு தராசு, 200 கிராம் செர்ரி. அந்த அக்காவையே தோல் நீக்கித் தரச் சொன்னேன். அவர் விரல் வேகம் எனக்கு வராது. நிறுத்ததும் 98 கிராம். "ஐம்பது கிலோவுக்கு இருபத்து நாலரை கிலோ தேறுது. ரசீதுல இதுக்குத்தான் ஓ.டி. 24.5னு போடுறாங்க" என்றேன். எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகுதான் பெயர் வந்தது. தெரியுமா தெரியாதா என்று யாரையும் கேட்கவில்லை. அடிவாரத்திலிருந்து வந்திருந்த மரவள்ளி விவசாயி ஒருவர் உடனே, "சேகோ பேக்டரியில பாயிண்ட் போடுற மாதிரிங்களா?" என்றார். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை ஓடும் விதத்தில் ஒற்றுமை சரிதான். ஆனால் பாயிண்ட் கிழங்கிலுள்ள மாவுச்சத்தைக் குறிப்பது, இது வெறும் எடை. அதையும் சேர்த்தே சொன்னேன்.

மேனேஜருக்கும் அன்று ஏதாவது கிடைக்க வேண்டுமே. அவர் பார்ச்மென்ட் விற்கிறவர். பழத்தோலை முதலிலேயே எடுத்து, கழுவி, மெல்லிய ஓட்டோடு காயவைத்தது அது. அதில் ஐம்பது கிலோவுக்கு நாற்பது கிலோ போலத் தேறும். பக்கத்துத் தோட்டத்துக்கு 40, எனக்கு மட்டும் 25ஆ என்று சிறு விவசாயிகள் தன்னிடம் சண்டைக்கு வருவதற்கு இதுதான் காரணம் என்று அவரே எழுந்து விளக்கினார். சரக்கின் பெயரைச் சொல்லாமல் ஓ.டி.யை மட்டும் சொல்லக் கூடாது என்பதை அன்றைக்கு எழுதி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் அந்த அக்காதான் கேட்டார்: "ஈரமா இருந்தா கொட்டை கனக்குமே, அப்ப ஓ.டி. ஏறிடுமா?" ஏறித் தெரியலாம். அதனால்தான் வியாபாரி ஓ.டி.யோடு ஈரமும் பார்க்கிறார். செர்ரியில் ஈரம் பதினொரு சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். மாய்ஸ்சர் என்று ரசீதில் இன்னொரு கட்டம் இருப்பது அதற்காகத்தான்.